சரிவது கோபுரமா, மணவாழ்வா?

"கோபுரச் சீட்டு வந்துவிட்டால் அந்த மணவாழ்வு முடிந்தது என்று பொருள்." டாரட் சீட்டு விரித்துக் குறி சொல்லுவோர் பலர் இதைத் தயக்கமின்றிச் சொல்லுகின்றனர். நேரில் சொல்லுகின்றனர், தொலைபேசியில் சொல்லுகின்றனர், இப்போது கைப்பேசித் திரையிலும் சொல்லுகின்றனர். இருபது, முப்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த ஒருவர் கலங்கிய உள்ளத்தோடு முன்னால் அமர்ந்திருக்கும்போதும் சொல்லுகின்றனர். இக்கூற்று பொய் என்பதே நம் வாதம். சீட்டைத் தீண்டாதவர்கள் பார்வையில் மட்டுமல்ல, சீட்டின் வரலாற்றையும் அதன் ஓவியத்தையும் அதைப் பற்றி எழுதியோரின் நூல்களையும் கொண்டு பார்த்தாலும் அது பொய்யே.

கத்தோலிக்க இதழில் டாரட் சீட்டுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். கேட்பது முறையே. வருங்காலத்தை அறியச் செய்யும் எல்லாவகைக் குறிபார்த்தலையும் விலக்க வேண்டும் என்று 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2116-ஆம் எண்ணில் தெளிவாகக் கூறுகிறது. அதை நாம் ஏற்கிறோம். சீட்டு விரிக்கும்படி எவரையும் நாம் தூண்டவில்லை. ஆனால் விலக்கப்பட்டது என்று சொல்லி வாய் மூடிக்கொள்வதால் பயன் என்ன? ஒரு மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள். விடையும் அவள் காதில் விழுந்துவிட்டது. இனி அவளிடம் "நீ கேட்டது பாவம்" என்று மட்டும் சொன்னால், பாவம் செய்தோம் என்ற வருத்தம் ஒருபுறமும், கணவர் பிரிந்துவிடுவார் என்ற நடுக்கம் மறுபுறமுமாக அவள் வீடு திரும்புவாள். அவளுக்குச் சொல்லப்பட்ட விடை விடையே அன்று என்பதை எடுத்துக்காட்டுவதும் நம் கடமையாகிறது.

முதலில் படத்தைப் பார்ப்போம். இன்று உலகில் மிகுதியாகப் புழங்கும் சீட்டுக்கட்டு 1909-இல் லண்டனில் வெளியிடப்பட்டது. அதன் திட்டத்தை வகுத்தவர் ஆர்தர் எட்வர்டு வெயிட். ஓவியங்களைத் தீட்டியவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணி. இந்த ஓவியர் 1911-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார் என்பது பலரும் அறியாத செய்தி. அவர் வரைந்த 16-ஆம் சீட்டில், கருநிற வானத்தின்கீழ், செங்குத்தான பாறை உச்சியில் ஒரு சாம்பல்நிறக் கோபுரம் தனியே நிற்கிறது. அதற்கு மூன்று சன்னல்கள் உண்டு. மூன்றிலும் தீ எரிகிறது. வாயில் எதுவும் காணப்படவில்லை. வானிலிருந்து பாயும் மின்னல் கோபுரத்தின் உச்சியைத் தாக்க, அங்கே கவிழ்த்து வைத்தாற்போல இருந்த பெரிய பொன்முடி பெயர்ந்து விழுகிறது. இருவர் தலைகீழாக வீழ்கின்றனர்.

இப்படத்தில் விழுவது எது? முடி விழுகிறது, உள்ளே உயரத்தில் இருந்தவர்கள் விழுகின்றனர். சுவர் விழவில்லை. அடித்தளமும் பாறையும் அசையவில்லை. இதற்கு முந்திய பழைய பிரெஞ்சுச் சீட்டுகளிலும் அவ்வாறே உச்சிதான் பெயர்கிறது, உடல் நிற்கிறது. "எல்லாம் தரைமட்டம்" என்று குறி சொல்லுபவர் தம் கையிலுள்ள படத்தையே பார்க்காமல் பேசுகிறார்.

தமிழில் இதைக் 'கோபுரம்' என்று மொழிபெயர்த்ததால் அச்சம் இரட்டிப்பாகியது என்பதையும் சொல்ல வேண்டும். நம் மண்ணில் கோபுரம் என்றால் ஊரின் அடையாளம். தொலைவிலிருந்தே கைகூப்பச் செய்வது. அது சரிவது எச்சமயத்தாருக்கும் பெருங்கேடாகவே தோன்றும். சீட்டில் இருப்பதோ ஆலயக் கோபுரமன்று. பிறர் எட்டாதபடி ஒதுங்கி உயர்ந்து நிற்கும் காவற்கோட்டை. வாயில் தெரியாத அக்கட்டடத்தைப் பார்த்து ஒருவர் கேட்கவேண்டிய கேள்வி, "இது ஏன் விழுகிறது?" என்பதன்று, "இதற்குள் இவ்விருவரும் எப்படி அடைபட்டார்கள்?" என்பதே.

இச்சீட்டுக்குத் தொடக்கத்திலிருந்தே ஒரே பெயரும் இருந்ததில்லை. டாரட் சீட்டுகள் 15-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் விளையாட்டுக்காகத் தோன்றியவை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஓர் இலத்தீன் மறையுரையில் அச்சீட்டுகளின் பட்டியல் காணப்படுகிறது. மறையுரையாளர் அவற்றைச் சூதாட்டம் என்று கண்டிக்கிறார். குறிபார்க்கும் கருவி என்று அவர் கண்டிக்கவில்லை. அவர் பட்டியலில் இச்சீட்டின் பெயர் 'அம்பு'. அதாவது வானிலிருந்து எய்யப்படும் மின்னல். வேறிடங்களில் 'தீ' என்றும் 'பேயின் வீடு' என்றும் அழைத்தனர். பிரெஞ்சு நாட்டுச் சீட்டுகளிலோ, வியப்பாக, 'இறைவனின் இல்லம்' என்று பொருள்படும் பெயரையே அச்சிட்டனர். 17-ஆம் நூற்றாண்டில் பாரிசில் அச்சான ஒரு கட்டில் கோபுரமே இல்லை. மரமும் மந்தையும் மேய்ப்பனும் இருக்க, மேலிருந்து நெருப்பு இறங்குகிறது. ஒரே சீட்டு ஓரிடத்தில் பேயின் வீடு, வேறிடத்தில் இறைவனின் இல்லம். ஓரிடத்தில் கோபுரம், வேறிடத்தில் மரம். மாறாமல் நிற்பது மின்னல் ஒன்றே. எனவே இச்சீட்டு எதைப் பற்றியது என்றால், இருட்டில் இருந்த ஒன்றின்மேல் சட்டென விழும் வெளிச்சத்தைப் பற்றியது.

இச்சீட்டுகளில் மறைபொருள் உண்டு என்று 1781-இல் முதன்முதலாக அச்சில் வாதிட்டவர்களுள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் கூர் டி ஜெபலின். இவை எகிப்தியரின் ஞானநூல் என்று அவர் சொன்னது தவறு. எகிப்திய எழுத்துகளை வாசிக்கும் வழி 1822-இல்தான் புலப்பட்டது. அவ்வாறு வாசித்தபோது டாரட்டின் தடம் அங்கே தென்படவில்லை. ஆனால் இச்சீட்டுக்கு அவர் தந்த விளக்கத்தை இன்றைய குறிசொல்லிகள் மறந்துவிட்டனர். பொன் நிரம்பிய வீடு ஒன்று இடிந்து, அப்பொன்னை வழிபட்டவர்கள் அதன்கீழ் நசுங்குவதாக அவர் கண்டார். பேராசையைப் பற்றிய பாடம் என்றார். கணவன் மனைவியைப் பற்றி அவர் அங்கே பேசவேயில்லை.

வெயிட் தம் விளக்கநூலில் சொல்வதும் கருதத்தக்கது. இச்சீட்டில் உடைவது செங்கல் வீடன்று, பொய்மையால் எழுப்பிய கருத்தின் வீடு என்ற போக்கில் அவர் விளக்குகிறார். குறிபார்ப்போருக்காக அவர் தரும் சொற்பட்டியலில் துயரம், வறுமை, இடர், அவமானம், ஏமாற்றம், அழிவு, எதிர்பாராத பேரிடர் ஆகியன உள்ளன. இவை கடுமையான சொற்கள்தாம். அவற்றை நாம் மறைக்கவில்லை. ஆனால் மணமுறிவு என்ற சொல் அப்பட்டியலில் இல்லை. "அழிவு என்பதில் மணமுறிவும் அடங்காதா?" என்று எதிர்வாதம் செய்வர். அடங்கலாம். வெள்ளத்தில் வீட்டை இழப்பதும் அடங்கும், நோயும் அடங்கும், வேலை போவதும் அடங்கும். இத்தனையும் அடங்கும் ஒரு சொல்லிலிருந்து ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து, அதுவே உறுதி என்று அறிவிப்பது விளக்கமாகாது. துணிச்சல் எனலாம், வேறு பெயர் இல்லை.

இனி எளிய கணக்கு ஒன்று. கட்டில் 78 சீட்டுகள். மிகவும் பரவலான 'கெல்டிக் சிலுவை' முறையில் 10 சீட்டுகள் விரிக்கப்படுகின்றன. 78-இல் 10 எடுத்தால், குறிப்பிட்ட ஒரு சீட்டு அவற்றுள் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்று. அதாவது எட்டுப் பேர் இம்முறையில் கேட்டால் சராசரியாக ஒருவருக்குக் கோபுரம் வந்தே தீரும். கவலை மிகுந்த ஒருவர் மாதம் ஒருமுறை என ஓராண்டு கேட்டால், 12 முறைகளில் ஒருமுறையேனும் அவர் கோபுரத்தைக் காண்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு எண்பதைத் தாண்டும். அது மணமுறிவின் குறியானால், அடிக்கடி கேட்பவர் எல்லாரும் பிரிந்தே ஆகவேண்டும். கேட்பதே பிரிவுக்குக் காரணமாகிவிடும்! ஒருவகையில் அதுவும் நிகழ்கிறது. ஆனால் சீட்டினால் அன்று, அச்சத்தினால்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்லுகிறோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம். நம் மறைமாவட்டத்திலிருந்து இங்கிலாந்துக்குக் குடியேறிய தம்பதியர். மணமாகி 33 ஆண்டுகள். பிள்ளைகள் இருவரும் தனியே வாழ்கின்றனர். கணவர் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின. ஓய்வுக்குப்பின் அவர் பேச்சைக் குறைத்தார். அஞ்சல் வந்தால் தாமே முந்திச்சென்று எடுத்தார். இரவில் எழுந்து சமையலறையில் தனியே அமர்ந்திருந்தார். செவிலியாகப் பணியாற்றிய மனைவியிடம், உடன் பணிபுரியும் ஆங்கிலப் பெண் ஒருவர் தமக்குத் தெரிந்த சீட்டுக்காரியை அறிமுகப்படுத்தினார். பத்துச் சீட்டு விரிக்கப்பட்டது. எட்டாம் இடத்தில் கோபுரம் விழுந்தது. "வேறொரு பெண் இருக்கிறாள், இவ்வாண்டுக்குள் அவர் வீட்டைவிட்டுப் போவார்" என்பது விடை.

அதன்பின் மூன்று வாரங்கள் அவர் உறங்கவில்லை. கணவரின் கைப்பேசியை ஒளிந்து பார்த்தார். சட்டைப்பைகளைத் துழாவினார். பிள்ளைகளிடம் அரைகுறையாக ஏதோ சொல்ல, அவர்களும் தந்தையிடம் முகம் கொடுத்துப் பேச மறுத்தனர். ஓர் இரவு நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "முப்பத்து மூணு வருஷம், அண்ணா. கோபுரமே விழுந்துட்டுதுன்னு சொல்லிட்டாங்க" என்று அழுதார்.

நாம் அவரிடம் முதலில் கேட்டது, "நீங்கள் என்ன கேள்வி கேட்டீர்கள்?" என்பதே. "அவர் என்னை விட்டுப் போய்விடுவாரா என்று கேட்டேன்" என்றார். கேள்வியே அச்சத்தின் வடிவில் இருந்தது; விடை அந்த அச்சுக்குள் ஊற்றப்பட்டது. அடுத்து, "எந்த இடத்தில் விழுந்தது?" என்று கேட்டோம். எட்டாவது என்றார். இம்முறையைத் தம் நூலில் வெளியிட்ட வெயிட், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பொருள் தருகிறார். நான்காவது இடம் அடித்தளம், ஐந்தாவது கடந்துபோனது, ஆறாவது வரவிருப்பது, ஏழாவது கேட்பவரின் நிலை, எட்டாவது அவருடைய வீடும் சூழலும், ஒன்பதாவது அவருடைய நம்பிக்கையும் அச்சமும், பத்தாவதுதான் முடிவு. அவ்வாறாயின் அந்த அம்மையாருக்குக் கோபுரம் வந்தது முடிவின் இடத்திலன்று, வரவிருப்பதன் இடத்திலுமன்று, வீட்டின் இடத்தில். முடிவின் இடத்தில் எந்தச் சீட்டு இருந்தது என்று கேட்டோம். அவர் நினைவுகூர்ந்து சொன்னார்: ஒரு வானதூதர் ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு நீரை ஊற்றும் படம். அது 14-ஆம் சீட்டு. அளவுடைமை என்று பெயர். இரண்டைக் கலந்து ஒன்றாக்குவதைக் காட்டுவது. சீட்டுக்காரி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். மின்னலைக் கண்டவுடன் பிற ஒன்பது சீட்டுகளும் அவர் கண்ணுக்கு மறைந்துவிட்டன.

தம் முறைக்கு உண்மையாக இருந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அம்மா, உங்கள் வீட்டைச் சுற்றிப் பேசப்படாத ஏதோ ஒன்று இருக்கிறதா? நீங்கள் அறிந்ததாக எண்ணிக்கொண்டிருக்கும் எதையாவது மீண்டும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறதா?" இவ்வளவுதான். இச்சீட்டுக்குரிய பொருள் இதற்குமேல் செல்லாது. பிரிவைக் காட்டுவதாக அக்கட்டிலேயே வேறு படங்கள் இருக்கின்றன. அடுக்கி வைத்த எட்டுக் கிண்ணங்களுக்கு முதுகைக் காட்டி ஒருவன் நடந்து போகும் சீட்டு உண்டு. மூன்று வாள்கள் இதயத்தைத் துளைக்கும் சீட்டு உண்டு. உறவையே காட்டும் 'காதலர்' சீட்டும் உண்டு. கோபுரம் இவற்றுள் எதுவுமன்று. அது உறவைப் பற்றிப் பேசவில்லை. உறவைச் சுற்றி எழுப்பிய கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறது.

அம்மையாரிடம் நாம் சொன்னது ஒன்றே: "சீட்டை மறந்துவிடுங்கள். அவரை எதிரே அமர்த்தி, குற்றம் சாட்டாமல், இந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன என்று கேளுங்கள்." ஒரு சனிக்கிழமை இரவு கேட்டார். கணவர் நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு சொன்னார். ஊரிலுள்ள தம் தம்பியின் தொழிலுக்காக ஓய்வூதியத் தொகையில் பெரும்பகுதியைக் கொடுத்திருந்தார். அது போதாமல் வீட்டின்மேலும் கடன் வாங்கியிருந்தார். தொழில் முடங்கியது. மனைவியிடம் சொல்ல நாணி, கடன் மடல்களை ஒளித்து வைத்திருந்தார். வேறொரு பெண் எக்காலத்திலும் இருந்ததில்லை.

"பார்த்தீர்களா, வீட்டின் இடத்தில் கோபுரம் என்று சீட்டு சரியாகத்தான் சொன்னது!" என்று எவரும் துள்ள வேண்டா. 33 ஆண்டு வாழ்ந்த எந்த வீட்டில்தான் பேசப்படாத ஒன்று இல்லை? எட்டாம் இடத்தில் கோபுரம் விழாத வீடுகளிலும் ஒளித்துவைத்த மடல்கள் உண்டு. சீட்டு எதையும் அறியவில்லை; அறியவும் இயலாது. கலைத்துப் போட்ட தாளுக்கு ஒரு மனிதரின் மனச்சான்றுக்குள் நுழையும் வழி கிடையாது. படத்துக்குப் பொருள் இருப்பது வேறு. படம் வருங்காலத்தை அறிவது வேறு. இவ்விரண்டையும் குழப்புவதில்தான் அத்தொழிலின் வருமானமே இருக்கிறது. அம்மையார் இரண்டாம் முறை சென்றிருந்தால், 'பரிகாரம்' என்ற பெயரில் மேலும் பணம் கேட்கப்பட்டிருக்கும். அதற்கான அழைப்பு ஏற்கெனவே வந்திருந்தது.

நீண்ட மணவாழ்வில் இப்படத்தின் பொருள் ஏன் தனித்தன்மை பெறுகிறது என்பதற்கு இக்குடும்பமே விளக்கம். மணமான இரண்டாம் ஆண்டில் தம்பதியர் எழுப்பியிருப்பது தாழ்ந்த சுவர். ஒன்று விழுந்தால் இருவருக்கும் தெரியும். 33-ஆம் ஆண்டிலோ, "அவர் பணம் பார்த்துக்கொள்வார், நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன்", "அவளிடம் இதைச் சொன்னால் தாங்கமாட்டாள்", "அவர் குணம் எனக்குத் தெரியும்" என்ற வழக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் கோபுரமாகின்றன. அவற்றின் உச்சியில் "எங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற பொன்முடி. அன்று இரவு சமையலறையில் விழுந்தது அந்த முடி. விழுந்தபோது வலித்தது, மாதக்கணக்கில் அம்மையார் சினம் தணியவில்லை. கடன் இன்னும் முழுதும் அடைபடவில்லை. ஆனால் அஞ்சலை இப்போது இருவரும் சேர்ந்து பிரிக்கின்றனர். மண உறவு என்னும் பாறை அன்றும் அங்கேயே இருந்தது. கோபுரத்தின் உயரத்தில் இருந்தவர்களுக்கு அது கண்ணில் படாமல் போயிற்று, அவ்வளவே.

இவ்விடத்தில் எதிர்ப்பக்கத் தவற்றையும் கண்டிக்காமல் விட்டால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். சீட்டு விரிப்போரில் இனிமையாகப் பேசும் ஒரு பிரிவினர் உண்டு. "கோபுரம் நல்ல சீட்டு, மாற்றம் வருகிறது, அடுத்த 17-ஆம் சீட்டு விண்மீன் அல்லவா? எல்லாம் நன்மைக்கே" என்பர். சீட்டுவரிசை அப்படித்தான் இருக்கிறது: 15-இல் சங்கிலியால் பிணைக்கப்பட்ட ஆணும் பெண்ணும், 16-இல் மின்னல், 17-இல் விண்மீன். ஆனால் இவ்வரிசையைக் காட்டி, கணவனிடம் அடிபடும் பெண்ணிடம் "பொறுத்திரு, விண்மீன் வரும்" என்று சொல்லுவது கொடுமை. அவள் வீட்டில் எரிவது உவமைத் தீயன்று. அவளுக்குத் தேவை அடைக்கலமும் காவலும். துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ ஆன்ம அளவிலோ பேரிடர் நேருமானால் பிரிந்து வாழ உரிமையுண்டு என்று திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆம் எண்ணே கூறுகிறது. அடிபடுபவளுக்கு அச்சட்டத்தை எடுத்துச் சொல்லாமல், பொறுமையை மட்டும் போதிக்கும் நம்மவர்களும் அந்த இனிய சீட்டுக்காரரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர்.

ஆகவே ஒரு விளக்கம் பொய்யானதா என்று அறிய நெடிய ஆராய்ச்சி தேவையில்லை. கேள்வியை முதலில் கேட்டுத் தெளியாதவர், விழுந்த இடத்தைச் சொல்லாதவர், மற்ற சீட்டுகளைப் பார்க்காதவர், அங்கில்லாத மூன்றாம் ஆளைப் பற்றி உறுதியாகப் பேசுபவர், நாள் குறிப்பவர், மேலும் பணம் கேட்பவர் எல்லாரும் தம் கலைக்கே துரோகம் செய்பவர்கள். அந்தக் கலையை நாம் ஏற்கவில்லை. எனினும் அதன் அளவுகோலாலேயே அவர்கள் தோற்கின்றனர்.

இச்சீட்டில் இருப்பது பாபேல் கோபுரமே என்று சொல்லுவோர் உண்டு. அப்படியே வைத்துக்கொள்வோம். தொடக்கநூல் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் அங்கே மின்னலும் இல்லை, இடிபாடும் இல்லை. மொழி குழம்புகிறது, ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காமல் போகிறது, கட்டுவது நின்றுவிடுகிறது. நீண்ட மணவாழ்வுக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை ஏது? ஒரே கூரையின்கீழ், ஒரே மேசையில், ஒரே தாய்மொழியில் பேசிக்கொண்டே ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாத நாள்தான் பாபேல். அது சீட்டு விழும் நாளன்று. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

மற்றொரு கோபுரமும் விவிலியத்தில் உண்டு. லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை இயேசு குறிப்பிடுகிறார். இறந்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே மறுக்கிறார். விழுந்த கோபுரத்தைக் கண்டு பிறர்மேல் தீர்ப்பு எழுதுவதை அவர் தடுக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களைத் தம்மை நோக்கித் திரும்பச் சொல்லுகிறார். உண்மையாகவே கல்லும் மண்ணுமாய் விழுந்த கோபுரத்தையே அவர் தீர்ப்பாக வாசிக்கவில்லை. தாளில் அச்சிட்ட கோபுரத்தை வைத்து ஒரு கணவருக்குத் தீர்ப்பு எழுதும் அதிகாரத்தை இவர்களுக்குக் கொடுத்தது யார்?

இன்று இரவும் எங்கேனும் ஒரு மனைவியோ கணவரோ அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடும். "அவர் என்னை விட்டுப் போவாரா?" அக்கேள்வியைச் சீட்டுக்காரியிடம் கொண்டுசெல்ல அவர்களுக்கு ஒரு பேருந்துக் கட்டணமும் ஒரு மணி நேரமும் செலவாகும். அடுத்த அறையில் விளக்கை அணைக்காமல் விழித்திருப்பவரிடம் கொண்டுசெல்லச் செலவு இல்லை. துணிவு மட்டும் வேண்டும். அந்தத் துணிவு கிடைக்காதவரைதான் சீட்டுக்கு வேலை.